சுருள்வில்லின் ஆற்றலை இடப்பெயர்ச்சியைப் பொறுத்து வரைந்து பார்த்தேன்

நேரத்தைப் பொறுத்து ஆற்றல் மாறுவதை முன்பே வரைந்தாயிற்று. இந்த முறை கிடை அச்சில் இடப்பெயர்ச்சி. செங்குத்தாகத் தொங்கும் சுருள்வில், அதன் முனையில் 200 கிராம் எடை, பின்னால் ஓர் அளவுகோல், எதிரே நொடிக்கு 60 பிரேம் எடுக்கும் கைபேசி. கூடுதலாக 50 கிராம் மாட்டினால் வில் 6.1 செ.மீ. நீள்கிறது. அதிலிருந்து சுருள்மாறிலி k = 8 N/m என்று கிடைத்தது. எடையைச் சமநிலையிலிருந்து 6 செ.மீ. கீழே இழுத்து விட்டேன். ஓர் அலைவுக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது.

நிலை ஆற்றலை எங்கிருந்து அளப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொங்கும் வில்லில் இரண்டு நிலை ஆற்றல்கள் உண்டு: வில் நீள்வதால் வருவது ஒன்று, புவியீர்ப்பால் வருவது இன்னொன்று. 200 கிராம் எடை வில்லை 24.5 செ.மீ. நீட்டிவைத்திருக்கிறது. அங்கிருந்து 6 செ.மீ. கீழே இழுத்தால் வில்லின் ஆற்றல் 132 மில்லி ஜூல் கூடுகிறது, ஈர்ப்பு ஆற்றல் 117.6 மில்லி ஜூல் குறைகிறது. மிஞ்சுவது 14.4. சமநிலைப் புள்ளியிலிருந்து x-ஐ அளந்து ½kx² போட்டாலும் இதே 14.4 தான் வரும். சமநிலையில் வில்லின் இழுவையும் எடையும் சமம் என்பதால் x-இன் முதல் படி உறுப்புகள் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. ஆகவே புவியீர்ப்பை மறந்துவிட்டு ½kx² மட்டும் வரையலாம், x சமநிலையிலிருந்து அளக்கப்பட்டிருக்கும் வரை.

இயக்க ஆற்றலுக்குத் திசைவேகம் வேண்டும். ஒரு பிரேமுக்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களைக் கழித்து நேரத்தால் வகுத்தால் போதும். ஆனால் பக்கத்து பிரேம்களையே எடுத்தால், அளவுகோலில் அரை மில்லிமீட்டர் தவறிப் படிப்பது கூட ஆற்றலில் பத்து சதவீதம் வரை ஆட்டம் காட்டுகிறது, ஏனென்றால் வேகத்தை இருபடியாக்குகிறோம். இரண்டு பிரேம் முன், இரண்டு பிரேம் பின் என்று இடைவெளியை விரித்தால் ஆட்டம் பாதியாகிறது. உச்ச மதிப்பு ஒன்றரை சதவீதம் குறைவாகத் தெரியும், அதை ஏற்றுக்கொண்டேன். வில்லின் எடை 12 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை நிறையோடு சேர்க்க வேண்டும், ஆகவே m = 204 கிராம்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். நிலை ஆற்றல் கிண்ணம் போன்ற பரவளையம், இயக்க ஆற்றல் அதையே கவிழ்த்தது, மேலே 14.4-இல் கிடைக்கோடாக மொத்தம். கையால் வரையும்போது பலர் வளைகோட்டை ஓரங்களில் சைன் அலை மாதிரி தட்டையாக்கி விடுகிறார்கள். அது நேர வரைபடத்துக்குத்தான் பொருந்தும். இங்கே ஓரத்தில்தான் சரிவு மிக அதிகம். நிலை ஆற்றல் கோட்டின் சரிவின் அளவுதான் விசை, விசை உச்சமாவது வீச்சு முனையில். என் கணக்கில் அங்கே 0.48 நியூட்டன். ஆகவே இயக்க ஆற்றல் கோடு அச்சைச் சாய்வாக வெட்டிக்கொண்டு இறங்கி, அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பாதி வீச்சில், அதாவது 3 செ.மீ.யில், நிலை ஆற்றல் 3.6 மட்டுமே, இயக்க ஆற்றல் 10.8. இரண்டும் 7.2 ஆகச் சமமாவது 4.24 செ.மீ.யில், வீச்சை √2-ஆல் வகுத்த இடத்தில். படத்தைப் பார்த்தால் அகலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இயக்க ஆற்றலே ஓங்கி நிற்கிறது. அப்படியானால் நேரத்திலும் அதுவே ஓங்குமா? பிரேம்களை எண்ணினேன். ஓர் அலைவின் 60 பிரேம்களில் ஏறக்குறைய 30 தான் ±4.24-க்குள் விழுந்தன. நடுவில் எடை விரைந்து கடக்கிறது, ஓரங்களில் தயங்கி நிற்கிறது. அதனால்தான் என் புள்ளிகள் ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் விழுகின்றன. நேரச் சராசரியில் இரண்டு ஆற்றல்களும் சமம். இடப்பெயர்ச்சி வரைபடத்தின் அகலத்தை நேரமாக எண்ணிவிடக் கூடாது.

நீளமான காணொளியை ஒரே படத்தில் போட்டால் இயக்க ஆற்றல் புள்ளிகள் ஒரு கோட்டில் நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும். 20 அலைவுகளில் வீச்சு 5.7 செ.மீ.க்கு இறங்கியது, ஆற்றல் 13 மில்லி ஜூல். நிலை ஆற்றல் புள்ளிகளோ அதே கிண்ணத்தின் மீதே இருந்தன, ஓரம் மட்டும் குட்டையானது. அது k-ஐயும் x-ஐயும் மட்டுமே சார்ந்தது, காற்றுத் தடை அதைத் தொடாது. அப்புறம், மொத்தம் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினால் தடையைச் சந்தேகிக்க வேண்டாம். எடை பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கி ஆற்றலை வாங்கித் திருப்பித் தருகிறது. தாங்கியிலிருந்து எடை வரையான நீளம், எடையால் வரும் நீட்சியைப்போல் நான்கு மடங்குக்கு அருகில் இருந்தால் இது நடக்கும். என் வில்லுக்கு அது 98 செ.மீ. கட்டும் நூலைச் சிறிதாக வைத்ததற்குக் காரணம் அதுதான். அடுத்து நூலை நீட்டி, அந்த ஏற்ற இறக்கத்தையே அளக்கப்போகிறேன்.