22 மாதம் என்று எழுதியது நான்தான்

காது கேட்கிறதா என்று பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் வேலையில் குழந்தை உள்ளே வந்ததும் முதலில் கேஸ் ஷீட்தான் நிரப்புவோம். தலை எப்போது நின்றது, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்று வரிசையாகக் கேட்போம். அந்தப் பையனுக்கு அப்போது 3 வயது. இரண்டு காதும் அறவே கேட்கவில்லை. நடந்தது 22 மாதத்தில் என்று அம்மா சொன்னார், எழுதிக்கொண்டேன். "என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன் மேடம்" என்றார், அதையும் எழுதிக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்பிளாண்ட் பற்றிச் சொன்னபோது, தலையில் ஆபரேஷனா என்று வீட்டில் பயந்தார்கள். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. சைகை மொழியில் படித்து நன்றாக வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், இவனும் அப்படி வருவான் என்று நினைத்தேன். 6 வயது தாண்டியதும் அரசு காப்பீட்டில் இம்பிளாண்ட் வைக்கும் வாய்ப்பும் போய்விட்டது.

9 வயதில் அம்மாவோடு திரும்ப வந்தான். விடுதியில் அவன்மேல் ஒரே புகார், சாயங்காலம் ஆனால் கையசைத்துக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சைகை காட்டினால் பதில் இல்லை, திமிர் ஜாஸ்தி என்று. அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சம் இருந்தது, எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் மட்டும் பாதி வாக்கியத்தில் கையை நிறுத்திவிட்டு அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டான். மாலைக்கண்ணா என்று கேட்டேன். ஆமாம், ஒரு டாக்டர் வைட்டமின் ஏ கொடுத்தார், சரியாகவில்லை என்றார். பள்ளி கண் பரிசோதனையில் அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டானாம், அதனால் கண்ணில் குறை இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அட்டை காட்டுவது நடுப்பார்வையை மட்டும்தான். இந்த நோயில் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கான செல்கள் முதலில் போகும், அப்புறம் ஓரப் பார்வை வளையம் வளையமாகச் சுருங்கும், நடுப்பார்வை பல வருஷம் தாக்குப்பிடிக்கும். பெயர் அஷர் சிண்ட்ரோம், இவனுக்கு இருந்தது அதில் முதல் வகை. MYO7A என்ற ஜீனில் அம்மா தந்தது, அப்பா தந்தது என்று இரண்டு பிரதியிலும் கோளாறு என்று பின்னால் ரிப்போர்ட் வந்தது, சொந்தத்தில் கட்டினால் இப்படி ஆகும் வாய்ப்பு கூடும். அந்த ஜீன் தரும் புரதம் உள்காதின் முடிச் செல்களுக்கும் வேண்டும், விழித்திரைக்கும் வேண்டும். உள்காது என்றால் கேட்பதற்கான பகுதி மட்டுமல்ல, பக்கத்திலேயே உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியும் இருக்கிறது, இந்த வகையில் அதுவும் பிறவியிலேயே வேலை செய்யாது. அதனால்தான் தலை நிற்பது தாமதம், நடை தாமதம். பரம்பரையாகக் காது கேட்காத பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரத்துக்கு நடந்துவிடுவார்கள். தாமதமாக நடந்தால் இந்த நோய்தான் என்றும் சொல்ல முடியாது, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கும் அப்படி ஆகலாம். ஆனால் கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க அந்த ஒரு விஷயம் போதும். விழித்திரை பார்வைக்கு இயல்பாகத் தெரியும் வயதிலேயே ஈ.ஆர்.ஜி. காட்டிக்கொடுத்துவிடும். ஒளியை மின்னவிட்டு விழித்திரையின் மின் அலையைப் பதிவு செய்வார்கள், சின்னக் குழந்தை என்றால் மயக்கம் கொடுக்க வேண்டிவரும்.

3 வயதிலேயே தெரிந்திருந்தாலும் கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது, அதற்கு மருந்து இல்லை. ஆனால் இம்பிளாண்ட் விஷயத்தில் நான் அப்படிச் சும்மா இருந்திருக்க மாட்டேன். சைகைக்கு வெளிச்சம் வேண்டும், எதிரே நிற்பவரின் கை பார்வைக்குள் இருக்க வேண்டும். இவனுக்கு இரண்டுமே குறைந்துகொண்டு போகும். 9 வயதில் இம்பிளாண்ட் வைத்தால் சத்தம் கேட்கும், பேச்சு புரிவது ரொம்பக் கஷ்டம், கேட்டே பழகாத மூளை அதற்குள் தன் போக்கில் வளர்ந்துவிடுகிறது.

அன்றைக்கு அம்மா மடியில் 5 மாதத் தங்கை இருந்தாள். அவளுக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சத்தத்துக்குக் காது நரம்பு தரும் அலையைப் பதிவு செய்யும் பெரா பரிசோதனை எடுத்தோம், அலையே வரவில்லை. 14 மாதத்தில் இம்பிளாண்ட் வைத்தாகிவிட்டது. இப்போது சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் இருட்டு வராந்தாவிலிருந்து "என்னம்மா?" என்று கேட்கிறாள்.

பையனுக்கு விடுதியில் சாப்பிடும் இடத்தில் டியூப்லைட்டுக்கு நேர்கீழே இடம் மாற்றினார்கள். கிணற்றில் நீச்சல் வேண்டவே வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், தண்ணீருக்குள் கண்ணும் தெரியாமல் சமநிலையும் இல்லாமல் மேல் எது கீழ் எது என்றே அவனுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் பழைய கேஸ் ஷீட்களை வீட்டுக்கு எடுத்துப்போய் நடந்த மாதத்தை மட்டும் பார்த்தேன். 18-ஐத் தாண்டியவை ஏழு இருந்தன. நாலு பேரைக் கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். மீதி மூன்று நம்பரும் உபயோகத்தில் இல்லை.