இடுப்பு ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம்

அனிமேஷன் படங்களுக்கு நான் ரிக்கர், கேரக்டரை அசைக்க உள்ளே எலும்பும் பிடித்து இழுக்க கண்ட்ரோலும் போட்டுக் கொடுப்பவன். அந்த ரிக்கை வைத்து நடக்க வைக்கிற அனிமேட்டர் பையன் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். "அண்ணா, இடுப்பைத் திருப்புனா நெஞ்சு தானா எதிர்ப்பக்கம் திரும்புற மாதிரி ஒரு கனெக்‌ஷன் போட்டுக் குடுங்க, எல்லா நடையிலயும் இதையேதான பண்றோம்?" முடியாது என்றேன். படம் முடிந்து போய்விட்டது, இந்தப் பேச்சு மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வலது கால் முன்னால் விழும் ஃப்ரேமில் இடுப்பின் வலது பக்கம் முன்னால் வரும், நெஞ்சில் இடது தோள் முன்னால் வரும், அடுத்த அடிக்கு இரண்டும் மாறும். முதுகெலும்பு, கீழே திரும்பினால் மேலே உள்ளதெல்லாம் கூடவே திரும்பும் வெறும் எஃப்கே சங்கிலியாக இருந்தால், இடுப்பை 10 டிகிரி திருப்பியதும் நெஞ்சும் கூடவே போய்விடும்; அதை எதிர்ப்பக்கம் 8 டிகிரியில் நிறுத்த 18 டிகிரி திருப்ப வேண்டும். அப்புறம் டைரக்டர் இடுப்பைக் குறைக்கச் சொன்னால் நெஞ்சுக்கு அங்கங்கே ஃப்ரேமில் குறித்து வைத்த நிலைகள், அதாவது கீயெல்லாம், மறுபடி முதலிலிருந்து. அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இடுப்பு, நெஞ்சு இரண்டு கண்ட்ரோலையும் ஒன்றுக்குள் ஒன்று வைக்காமல், மொத்த உடம்பையும் நகர்த்தும் கண்ட்ரோலுக்குக் கீழே தனித்தனியாக வைத்திருந்தேன். இடுப்பைத் தொட்டால் நெஞ்சு அசையாது. நடுவில் வயிற்றுக்கு ஒன்று, அது இரண்டிலும் பாதிப் பாதி வாங்கிக்கொள்ளும். இதுவே போதும் என்று நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த கேரக்டர் ஒரு பாட்டி. மெதுவாக நடக்கும்போது இடுப்பும் நெஞ்சும் ஏறக்குறைய சேர்ந்தே திரும்பும், வேகம் கூடக் கூடத்தான் எதிரெதிராகப் பிரியும். மயிலாப்பூர் மாடவீதியில் சாயங்காலம் நின்று பார்த்தாலே தெரியும். அவன் கேட்ட மாதிரி இடுப்பின் திருப்பல் எண்ணை மைனஸ் 0.8-ஆல் பெருக்கி நெஞ்சுக்குக் கொடுத்தால் பாட்டி வாலிபப் பிள்ளை மாதிரி நடப்பார். இரண்டும் அதே ஃப்ரேமில் உச்சத்துக்குப் போய் அதே ஃப்ரேமில் திரும்பும், நெஞ்சு ஓரிரு ஃப்ரேம் பிந்தி வருகிற உயிர்ப்பு போய்விடும். முறுக்கல் கீழிருந்து மேல்வரை சமமாகப் பரவினால் அவர் புடவை முந்தானையின் கரை பிழிந்த துணியாகச் சுருளும். நிஜத்தில் இடுப்புக்கு மேலே உள்ள கீழ்முதுகு கொஞ்சம்தான் முறுக்கும், மிச்சமெல்லாம் விலாப் பகுதியில். அதை ஜாயின்ட் ஜாயின்ட்டாகச் சரிசெய்து வைத்திருந்தேன்.

ஆனால் அவனிடம் இருந்தது பாட்டி மட்டுமில்லை, பஸ் ஸ்டாண்ட் கூட்டமும் அவன் தலையில்தான். வேகமாக நடக்கிற ஆட்கள், தூரத்து கேமரா. அங்கே அந்த கனெக்‌ஷன் நன்றாகவே வேலை செய்திருக்கும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கையால் கீ போட்டான்.

அடுத்த ரிக்கில் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சு கண்ட்ரோலுக்கு மேலே ஒரு குரூப், அதில்தான் இந்தத் திருப்பல், அனிமேட்டரின் கீயோடு கலக்காது. அது எவ்வளவு வேலை செய்யலாம் என்பதற்கு பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரை ஸ்லைடர், ஆரம்பத்தில் பூஜ்ஜியம். போன வாரம் ஒரு தாத்தா நடக்கிற ஷாட் வந்தது. ஸ்லைடர் 0.7-இல் இருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, ரிவ்யூவில் வேறு யாருக்கும் தெரியவில்லை, ஷாட் பாஸ் ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்திருக்கலாம். நடையைப் பற்றிச் சொல்ல ரிக்கருக்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.