நேந்திரங்காய் சிப்ஸ்: உப்புத் தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும்?

நன்கு முற்றிய, துளியும் பழுக்காத நேந்திரங்காய்தான் வேண்டும். லேசாகப் பழுத்திருந்தாலும் அதிலுள்ள சர்க்கரை, சிப்ஸ் மொறுமொறுப்பாகும் முன்பே கருகிவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலை உரித்து, மஞ்சள் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைக்கவும்.

கால் கப் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் மிதமான தீயில் வைத்து, சீவலை நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவுங்கள். தட்டில் சீவிக் குவித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தடிமன் ஒரே சீராக இருக்கட்டும், இல்லையென்றால் மெல்லியது கருகும்போது தடித்தது வெந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் சடசடவென்று நுரை பொங்கும். அது பாதியாக அடங்கியதும் ஒரு டீஸ்பூன் உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். எண்ணெய் சீறித் தெறிக்கும், அதனால் வாணலி பாதிதான் நிறைந்திருக்க வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஒவ்வொரு சீவலிலும் சமமாகப் பிடிக்கும். சத்தம் முழுதாக அடங்கி, கரண்டியில் அள்ளினால் கலகலவென்று கேட்டால் எடுத்துவிடலாம்.

ஓரம் சிவந்து நடு வளைந்தால் தீ அதிகம். எண்ணெய் குடித்திருந்தால் தீ குறைவு, அல்லது ஒரே ஈட்டில் நிறையப் போட்டிருக்கிறீர்கள்.