ஞாயிறும் காந்தி ஜெயந்தியும் சேந்து வந்தப்ப வாங்குன ரெண்டு ஷிப்ட் கணக்கு

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேனுங்க, கம்பெனி பேரு வேண்டாம். 2023 அக்டோபர்ல நடந்தது இது. அந்த வருசம் அக்டோபர் 1 ஞாயித்துக்கிழமை, அடுத்த நாள் திங்கள் காந்தி ஜெயந்தி. ரெண்டு நாள் சேந்தாப்ல லீவுன்னு நானெல்லாம் ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வரலாம்னு பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன். சனிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாரு, "ஷிப்மென்ட் இருக்குது, நாளைக்கும் நாளான்னைக்கும் 8.30க்கு எல்லாரும் வரணும், வண்டி வரும்". அவ்வளவுதான். போர்டுல நோட்டீஸ் கெடையாது, கையெழுத்து கெடையாது.

போனோம். செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேந்து 38 பேரு. ரெண்டு நாளும் 8.30ல இருந்து 5.30 வரைக்கும், சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரம், ஒரு ஷிப்ட். அதுக்கப்பறம் செவ்வாயில இருந்து சனி வரைக்கும் வழக்கம்போல. சனிக்கிழமை 7ஆம் தேதி சம்பளம் ஏறுச்சு. எனக்கு ஷிப்டுக்கு 450 ரூபா. ஏழு நாள், ஏழு ஷிப்ட், 3150, அதுல பிடித்தம் போக மீதி. ஞாயித்துக்கிழமைக்கும் 450, காந்தி ஜெயந்திக்கும் 450, செவ்வாய்க்கிழமைக்கும் அதே 450. எனக்கு என்னமோ இடிச்சுது ஆனா என்னான்னு சொல்லத் தெரியல, ஏன்னா எங்க லைன்ல எல்லாரும் "ஞாயித்துக்கிழமை வந்தா டபுள் தரணும்"னு ஒரே பேச்சா இருந்தாங்களே தவிர காந்தி ஜெயந்தியப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதுதான் தலைகீழா இருந்துச்சுங்கறது பின்னாலதான் தெரிஞ்சுது.

திங்கக்கெழமை டைம் ஆபீஸ்ல போயி கேட்டேன். அங்க இருந்தவரு நல்லாத்தான் பேசுனாரு. "அம்மணி, ரெண்டு நாளும் எக்ஸ்ட்ரா ஷிப்ட், எக்ஸ்ட்ரா ஷிப்டுக்கு எக்ஸ்ட்ரா சம்பளம் போட்டாச்சு, இன்னும் என்ன? தீபாவளி வருதல்ல, போனஸ்ல பாத்துக்கலாம் விடு" அப்டின்னாரு. இந்த "போனஸ்ல பாத்துக்கலாம்"லதான் பாதிப் பேரு திரும்பிப் போயிருவாங்க. போனஸ் வேற கணக்கு, அது எப்படியும் தரணும், லீவு நாள் சம்பளத்த அதுக்குள்ள போட்டு மூட முடியாது.

என்ற ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஒரு சங்கத்து அண்ணன் இருக்காரு, அவருகிட்ட சீட்டையும் போனையும் எடுத்துட்டுப் போனேன். அவரு முதல்ல கேட்டது "ஞாயித்துக்கிழமை தனி, திங்கக்கெழமை தனி, ரெண்டையும் கலக்காத. எதுக்கு எந்தச் சட்டம்னு தெரியுமா?" தெரியாதுன்னேன்.

அவரு சொன்னது இதுதான். காந்தி ஜெயந்தி தேசிய விடுமுறை. தமிழ்நாட்டுல 1958லயே இதுக்குன்னு ஒரு சட்டம் இருக்குது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலும், அதோட பண்டிகை நாள் அஞ்சும், மொத்தம் ஒம்போது நாள் சம்பளத்தோட லீவு. நீ வேலைக்கே போகாம ஊட்ல இருந்திருந்தாலும் அன்னைக்கு 450 உன்னுது. அன்னைக்கு வேலை வாங்குனா ரெட்டைச் சம்பளம், இல்லைன்னா அன்னைக்குச் சம்பளமும் மூணு நாளுக்குள்ள சம்பளத்தோட ஒரு மாத்து லீவும். ரெண்டுல எது வேணும்னு சொல்றது தொழிலாளி, கம்பெனி இல்ல. அது மட்டுமில்ல, 24 மணி நேரத்துக்கு முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுத்து அதுக்கு ஒரு காப்பி ஃபேக்டரி ஆய்வாளருக்கும் போயிருக்கணும். வாட்ஸ்அப் மெசேஜ் அந்த நோட்டீஸ் ஆகாது. ஆனா அது உனக்கு நல்ல சாட்சி, அழிச்சிராதன்னாரு.

அப்ப ஞாயித்துக்கிழமைக்கு டபுள் இல்லையாங்கண்ணான்னு கேட்டா, "ஞாயித்துக்கிழமைன்னதுக்காக மட்டும் டபுள் கெடையாது கண்ணு"ன்னு சொல்லிப் போட்டாரு. எனக்கு கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு. ஃபேக்டரி சட்டத்துல வார லீவு ஓய்வுக்காகக் குடுக்கறது. ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா அதுக்கு முன்னாடி மூணு நாள்லயோ பின்னாடி மூணு நாள்லயோ ஒரு முழு நாள் லீவு விட்டுறணும், அப்படி மாத்துறத ஆய்வாளருக்கும் சொல்லணும் போர்டுலயும் ஒட்டணும், எப்படி மாத்துனாலும் பத்து நாளுக்கு மேல தொடர்ச்சியா வேலை வரக்கூடாது. என்னைய மாதிரி ஷிப்ட் சம்பளக்காரங்களுக்கு அந்த மாத்து நாளுக்குன்னு தனியாச் சம்பளம் வராது, நாள் மாறுது அவ்வளவுதான்.

எங்க கணக்கப் பாத்தா, செப்டம்பர் 24 ஞாயிறு கடைசி லீவு. 25ல இருந்து அக்டோபர் 7 வரைக்கும் 13 நாள் விடாம வேலை. மாத்து லீவு விட்டிருந்தா செப்டம்பர் 28, 29, 30 இல்ல அக்டோபர் 3, 4 இதுக்குள்ள விட்டிருக்கணும். டைம் ஆபீஸ்காரரு நடுவுல ஒருக்கா "2ஆம் தேதியவே மாத்து லீவுன்னு வச்சுக்கலாமே"ன்னாரு, அன்னைக்கும் நாங்க மிஷினுக்குப் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தோம்ங்கறத மறந்துட்டாரு போல. அப்படி வேலை இல்லாம இருந்தாலுமே அது தனி லீவு, அதுலயே ஞாயித்துக்கிழமையக் கழிக்க முடியாது.

மாத்து லீவு விடலைன்னா என்னாகும்? இங்கதான் ஞாயித்துக்கிழமைக்குக் காசு வருது, ஆனா வேற வழியில. சட்டத்துல வாரம்ங்கறது சனிக்கிழமை நடுராத்திரியில ஆரம்பிக்குது, அதாவது அக்டோபர் 1 ஞாயிறுல இருந்து 7 சனி வரைக்கும் ஒரு வாரம். ஏழு நாளும் எட்டு எட்டு மணி நேரம், 56. வாரத்துக்கு 48 தான் அளவு, அதுக்கு மேல போன 8 மணி நேரம் ஓவர்டைம், ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம். ஒரு லீவு விட்டிருந்தாங்கன்னா 48லயே நின்னிருக்கும், ஓ.டி.யே வந்திருக்காது. ஆக எனக்கு வரவேண்டியது, ஏழு ஷிப்டுக்கு 3150, காந்தி ஜெயந்திக்கு இன்னொரு 450, அந்த 8 மணி நேர ஓ.டி.க்கு இன்னொரு 450, மொத்தம் 4050. வந்தது 3150. பாக்கி 900. ஒரே வேலைக்கு ரெண்டு தடவ கேக்கற மாதிரி இருக்குதேன்னு எனக்கே தோணுச்சு. அண்ணன் சொன்னாரு, ஒன்னு எந்த நாள்ல வேலை செஞ்சங்கற கணக்கு, இன்னொன்னு எத்தன மணி நேரம் செஞ்சங்கற கணக்கு, ரெண்டும் வேற வேறன்னு.

அடுத்த கெரகம் சாட்சி. எங்க கம்பெனியில ஞாயிறு, லீவு நாள்ல விரல் வைக்கற மிஷின் ஓடாது. ஒரு கோடு போட்ட நோட்டுல பேரு எழுதிக்குவாங்க. பையர் ஆடிட் வந்தா மிஷின் ரெக்கார்டுல ஞாயித்துக்கிழமை வேலையே இருக்காது, எல்லாம் சுத்தமா இருக்கும். சம்பளச் சீட்டுலயும் அந்த ரெண்டு ஷிப்ட் காசு "இன்சென்டிவ்"னு ஒரே வரியில 900ன்னு இருந்துச்சு. உங்க சீட்டுல நாள் கணக்கு கொறைவா இருந்து இன்சென்டிவ் சரியா உங்க ஷிப்ட் ரேட்டால வகுபட்டுச்சுன்னா அது இன்சென்டிவ் இல்லைங்க, மறைச்சு வச்ச ஞாயித்துக்கிழமை. நாங்க சேத்தது சூப்பர்வைசரு மெசேஜ் போட்டோ, அந்த ரெண்டு நாள்ல செக்கிங் முடிச்ச பண்டல் சீட்டு தேதியோட, சம்பளச் சீட்டு, பேங்க்ல ஏறுனதுக்கு மெசேஜ், அப்பறம் கேட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்த வருச விடுமுறைப் பட்டியலோட போட்டோ. அதுல கம்பெனி முத்திரையோட அக்டோபர் 2 அழகா இருந்துச்சு.

மனு ஒரு பக்கம்தான். தேதி, மணி நேரம், ஷிப்ட் ரேட், வந்தது, வரவேண்டியது, பாக்கி, அவ்வளவுதான், புலம்பல் எதுவும் எழுதலை. 38 பேர்ல கையெழுத்துப் போட்டது 11 பேரு, மத்தவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, தீபாவளி நேரம். ஒரு காப்பி மேனேஜர்கிட்ட குடுத்து இன்னொன்னுல வாங்குனதுக்குக் கையெழுத்து கேட்டோம், போடல, அதனால பதிவுத் தபால்ல ஒப்புகைச் சீட்டோட அனுப்பிட்டோம். அப்பறம் நான் செஞ்ச தப்பு, நேரா தொழிலாளர் ஆபீசுக்குப் போனது. கடை, ஓட்டல்னா அவங்க, லைசென்ஸ் இருக்கற ஃபேக்டரின்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைன்னு சொல்லி அனுப்புனாங்க. அரை நாள் சம்பளம் அதுல போச்சு. எப்படியும் ஆகலைன்னா சம்பளப் பட்டுவாடா சட்டத்துல கேஸ் போடலாம், 12 மாசத்துக்குள்ள போடணும்னு அண்ணன் சொல்லி வச்சிருந்தாரு. அந்தளவுக்குப் போகல.

அந்தத் துறையில இருந்து ஆய்வாளர் வந்து நோட்டுப் புஸ்தகம் கேட்டாரு. எங்களத் தனித்தனியா கூப்பிட்டு அந்த ரெண்டு நாள் எத்தன மணிக்கு வந்த, எத்தன மணிக்குப் போனன்னு கேட்டாரு, எல்லாரும் ஒரே மாதிரி சொன்னோம், நடந்தது அதுதானே. அதுக்கப்பறம் மேனேஜரு கூப்பிட்டு, ஞாயித்துக்கிழமைக்கு தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் லீவு எடுத்துக்கங்கன்னாரு. மூணு நாள் எப்பவோ முடிஞ்சு போச்சுங்க சார், இனி அது ஓ.டி. தான்னு சொன்னேன், சொல்றப்ப கை நடுங்குச்சு. நவம்பர் 4 சனிக்கிழமை சம்பளத்தோட 900 ஏறுச்சு, கையெழுத்துப் போடாத 27 பேருக்கும் சேத்துத்தான்.

டெய்லருங்களுக்கு மட்டும் வரல. அவங்களும் அந்த ரெண்டு நாள் வந்தாங்க, ஆனா காண்ட்ராக்ட்காரரு கீழ பீஸ் ரேட்டு, "பீஸ் ரேட்டுக்கு ஏதுங்க லீவுச் சம்பளம்"னு அவரு சொல்லிட்டாரு. அது தப்பு, பீஸ் ரேட்டுக்கும் ஓ.டி. உண்டு, முந்தின மாசம் வேலை செஞ்ச நாளோட சராசரி எடுத்து அதுதான் ஒரு நாள் ரேட்டு. பவர்டேபிள்ல இருக்கற ஒரு அக்காவுக்கு செப்டம்பர் பீஸ் நோட்ட வச்சு நானே கணக்குப் போட்டுக் குடுத்தேன், காண்ட்ராக்ட்காரரோட மொகத்த முறிக்க மனசு வரலன்னு மடிச்சு டிபன் பாக்ஸ் பைக்குள்ள வச்சுட்டாங்க.

(வார லீவு, ஓ.டி., 12 மாசக் கெடு இதெல்லாம் அப்ப இருந்த ஃபேக்டரி சட்டம், சம்பளப் பட்டுவாடா சட்டத்துல. 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துருச்சு, அதுலயும் வாரம் ஆறு நாளுக்கு மேல கூடாது, ஓ.டி. ரெட்டைதான், ஆனா பிரிவு நம்பரெல்லாம் வேற, மனு எழுதறப்ப பழைய நம்பரப் போட்டுறாதீங்க.)

எங்களுக்கு 900 ஏறுனதுக்கு அடுத்து வந்த 2024 ஜனவரி 26 வெள்ளிக்கிழமை. மறுபடியும் ஷிப்மென்ட். ஆனா இந்த தடவ புதன்கிழமையே போர்டுல நோட்டீஸ், கீழ பேரு எழுதி எதிர்ல ரெண்டு கட்டம், ரெட்டைச் சம்பளமா மாத்து லீவான்னு. நான் ரெட்டைச் சம்பளம் டிக் பண்ணேன். எனக்குப் பக்கத்து டேபிள் அக்கா மாத்து லீவு போட்டு 27 சனிக்கிழமைன்னு எழுதுனாங்க, மறுநாள் எப்படியும் ஞாயிறு, ரெண்டு நாளும் ஊர்ல கோயில் நோம்பி.