உப்புத் தண்ணி மோலி, நல்ல தண்ணிக் கடை: ஒரு ஈட்டின் நாட்குறிப்பு

ஜூன் 9, 2024

சூலூர் பக்கத்துப் போர்த் தண்ணியில் பிளாக் மோலி மீன் களை போல வளரும். குடிக்க ஆகாத அந்தச் சப்பைத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும்தான் மோலிக்கு உடம்பு. சிக்கல் விற்ற பிறகு வருகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணி ஓடும் பகுதியில் உள்ள கடைக்குப் போன ஈடு, அதாவது ஒரு தாய் ஒருமுறை ஈன்ற குஞ்சுகள், மூன்று நாளில் பாதி போய்விட்டது. "ஏனுங்க, பாக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு? ரெண்டாம் நாளே மேல வந்துருச்சுங்க" என்றார் கடைக்காரர். அவருக்கு அது நோய் மீனாகத் தெரிந்தது.

தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை இரண்டு பக்கமும் வைத்தால் காரணம் தெரிந்துவிடும். இங்கே போர்த் தண்ணி 1,350. கடைத் தொட்டி 70. நன்னீர் மீனின் உடம்புக்குள் வெளித் தண்ணியைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணி உள்ளே ஏறிக்கொண்டும், உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கும். அந்தக் கசிவைக் கட்டிப்பிடிப்பது தண்ணியிலுள்ள சுண்ணாம்புச் சத்து. 1,350-லிருந்து 70-க்கு ஒரே மூச்சில் இறக்கினால் கசிவு ஈடுகட்ட முடியாத அளவுக்குப் போகும். மீன் உடனே சாகாது. முதல் நாள் துடுப்பை ஒடுக்கும், இரண்டாம் நாள் நின்ற இடத்திலேயே பாம்பு போல் நெளியும், மூன்றாம் நாள் மிதக்கும். கடைக்காரர்கள் மோலியை "சீக்கு மீன்" என்று ஒதுக்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்து வரும் ஈட்டை வளர்ப்பதோடு விடாமல், கடைத் தண்ணிக்குப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். இன்று 60 லிட்டர் தொட்டியில் ஒரு ஆண், மூன்று பெண் சேர்த்தாயிற்று. ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்று விட்டால், ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணைக் களைக்க வைத்துவிடும்.

பெண்கள் சிறு வயதிலேயே பிரித்து வளர்த்தவை. கடையில் வாங்கிய பெண் மோலி அநேகமாக ஏற்கெனவே இணை சேர்ந்திருக்கும். ஒருமுறை சேர்ந்த விந்தைப் பல மாதம் உள்ளே வைத்து அடுத்தடுத்து ஈனும். அப்படிப்பட்டதோடு நல்ல ஆணைச் சேர்த்தாலும், முதலில் வரும் குஞ்சுகள் எந்த ஆணுடையவை என்று சொல்ல முடியாது.

ஜூன் 30

ஒரு பெண் கனத்துவிட்டது. குஞ்சு ஈனும் மற்ற மீன்களில் சினையை ஆசனவாய்க்கு அருகே உள்ள கரும்புள்ளி காட்டிக்கொடுக்கும். பிளாக் மோலிக்கு உடம்பே கருப்பு, புள்ளி தெரியாது. மேலிருந்து பார்க்க வேண்டும். நடுவயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். ஈனும் நாள் நெருங்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றின் முன்பக்கம் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இறங்கும்.

ஜூலை 7

சதுரம் தெரிகிறது. தாயைத் தனியாக 30 லிட்டர் தொட்டிக்கு மாற்றியாயிற்று, அதே தண்ணி, அதே ஸ்பான்ஞ் ஃபில்டர். கடைகளில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் ஈனும் பெட்டி வேண்டாம். அந்த நெருக்கடியில் மிரண்டு தாய் முன்கூட்டியே ஈனும், குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கரு உள்ள பையோடு அரைகுறையாக விழும். அதற்குப் பதில் குஞ்சுகள் தாயிடமிருந்து ஒளியத் தொட்டியில் பாதிக்கு வேலம்பாசியை அடர்த்தியாக மிதக்க விடுவது போதும். பாசியைப் போடும் முன் அலசி ஒரு நாள் தனி வாளியில் வைக்க வேண்டும். குளத்துப் பாசியில் தும்பிப் புழு வந்தால், குஞ்சுகளைத் தாய்க்கு மிச்சம் வைக்காது.

ஜூலை 14

விடியற்காலையில் ஈன்றிருக்கிறது. சேர்த்து 35-ஆம் நாள். பாசிக்குள் எண்ணியதில் 38 குஞ்சு. தாயை உடனே எடுத்தாயிற்று. பசி வந்தால் தன் குஞ்சு என்று பார்க்காது.

ஜூலை 16

குஞ்சுக்கு முதல் பத்து நாள் தீனி ஆர்ட்டீமியா என்ற உப்புத் தண்ணிப் பூச்சியின் குஞ்சு. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, 25 கிராம் கல்லுப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடிவரை ஏர் குழாய், பக்கத்தில் ஒரு பல்பு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். இந்த மாதக் காற்றில் ராத்திரி குளிருவதால் 36 மணி வரை போகிறது.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் தங்கும். அடியிலிருந்து மட்டும் குழாயில் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணியில் அலசிப் போட வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சு மீனின் குடலை அடைக்கும். பொரிந்து அரை நாளுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அது தன் சத்தைத் தானே தின்று வெறும் தோலாகிவிடும்.

கோழி முட்டை மஞ்சள் கரு போடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. குஞ்சு தின்பது கொஞ்சம், தண்ணியில் கரைந்து நாறுவது மிச்சம்.

ஜூலை 27

ஆடிக் காற்றில் கம்பி அறுந்து ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் இருந்ததால் தப்பித்தது. இந்தத் தண்ணியில் இது இரட்டை ஆபத்து. போர்த் தண்ணியின் பிஎச் 8. பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் விஷப் பங்கு சுமார் பத்து மடங்கு. ஸ்பான்ஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாதான் அதைத் தின்று தீர்க்கிறது, அதற்கு ஓடும் காற்று வேண்டும். கரண்ட் போன அன்று தீனி போடாமல் விட்டு, மறுநாள் ஐந்தில் ஒரு பங்கு தண்ணி மாற்றுவது போதும். ஸ்பான்ஞ்சை அன்றைக்கே குழாயில் பிழிந்து கழுவினால் மிச்சப் பாக்டீரியாவும் போய்விடும். எப்போதும் தொட்டித் தண்ணியிலேயே பிழிய வேண்டும்.

ஆகஸ்ட் 18

ஐந்து வாரம். ஆண், பெண் பிரிக்கும் வேலை. அடித்துடுப்பு விசிறி போல விரிந்தால் பெண், குச்சி போல ஒடுங்கத் தொடங்கினால் ஆண். இன்று தெளிவாகத் தெரிந்த ஆண் ஒன்பது. மீதியில் சில தாமதமாகத் திரும்பும், அதனால் எட்டாம் வாரம் வரை ஒவ்வொரு ஞாயிறும் மறுபடி பார்க்க வேண்டும். பெண் தொட்டியில் ஒரே ஒரு ஆண் தப்பினாலும் அத்தனையும் சினையாகி, வளர்ச்சி நின்று, கடைக்குப் போகும் வழியில் கவருக்குள்ளேயே ஈனும்.

முதுகு வளைந்த இரண்டு, வாலருகே கருப்பு வெளுத்த மூன்று. இவற்றை விற்பனைக்கும் விடுவதில்லை, தாய்க்கும் வைப்பதில்லை.

தீனி இப்போது பொடித்த ஃபிளேக்கும், வாரம் இரண்டு முறை வேகவைத்த சிறுகீரையும். மோலி பச்சை தின்னும் மீன். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியைத் துடைக்காமல் விட்டால் அதுவே அரைத் தீனி.

செப்டம்பர் 15

விற்க 33 மீன். ஆண் 14, பெண் 19. மூன்றரை சென்டிமீட்டர் தொடுகிறது.

கடையில் போய்ப் பேசியாயிற்று. மோலியை 70-க்குப் பழக்க முடியாது. பழகினாற்போல் இருந்து மெல்ல நோயில் விழும். அதனால் நடுவழி: இங்கிருந்து 375 வரை இறக்கித் தருவது, கடையில் மோலித் தொட்டியை 400 அருகே ஏற்றி வைப்பது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டால் டிடிஎஸ் 1,000 ஏறும். 60 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம் கல்லுப்பு என்றால் 70-லிருந்து சுமார் 400.

ஆனால் மீட்டர் எல்லா உப்பையும் ஒன்றாக எண்ணும், சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே உப்போடு ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு வலைப்பையில் கழுவிய கிளிஞ்சல் இரண்டு கைப்பிடி. அது மெல்லக் கரைந்து சுண்ணாம்பைத் தரும். இதெல்லாம் தனித் தொட்டியில்தான். எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணி சுற்றும் அமைப்பில் உப்பு போட்டால், பக்கத்தில் இருக்கும் டெட்ரா மீனுக்கும் செடிக்கும் ஆகாது.

வரும்போது நாலு 20 லிட்டர் கேனில் கடைத் தண்ணியே கொண்டுவந்தாயிற்று. குளோரின் போக அகலத் தொட்டியில் காற்று விட்டு ஒரு நாள் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 20 முதல் 28 வரை

ஒருநாள் விட்டு ஒருநாள், 60 லிட்டரில் 15 லிட்டரை எடுத்துக் கடைத் தண்ணி 15 லிட்டர் ஊற்றுவது. கணக்கும் மீட்டரும் ஏறக்குறைய ஒத்துப்போயின: 1,350 இருந்தது, 20-ஆம் தேதி 1,030, பிறகு 790, 610, 475, 28-ஆம் தேதி 375. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல், மெல்லிய குழாயில் இறக்க வேண்டும்.

24-ஆம் தேதி ஊற்றிய பின் இரண்டு பெண் நெளிந்தன. அப்போது அடுத்த படிக்குப் போகக் கூடாது. மறுநாள் காலைக்குள் சரியானதால் 26-ஆம் தேதி தொடர்ந்தது. சரியாகாவிட்டால் ஒரு குடம் போர்த் தண்ணி ஊற்றி ஒரு படி மேலே ஏற்றி, மூன்று நாள் விட வேண்டும்.

அக்டோபர் 1

இன்று தீனி இல்லை. வயிற்றில் இருப்பதெல்லாம் நாளைக்குக் கவரில் அம்மோனியா ஆகும்.

அக்டோபர் 2

ஏழு ஏழாக நாலு கவர், ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் தொட்டித் தண்ணி, மேலே அதைப்போல் இரண்டு பங்கு காற்று. கவரின் அடி மூலை இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டாவிட்டால் மீன் அங்கே போய்ச் சிக்கி நசுங்கும். ஒன்றரை மணிப் பயணத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தேவைப்படவில்லை.

கடையில் மூடிய கவரைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்ததும் வலையில் வடித்து மீனை மட்டும் தொட்டியில் விட்டது. கவர் திறந்தபடி அரை மணி மிதப்பது தவறு. மூடிய கவரில் மூச்சுக் காற்று சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியா அதனால் அடங்கியிருக்கும். திறந்ததும் அந்தக் காற்று வெளியேறி பிஎச் ஏறும், அடங்கியிருந்தது அங்கேயே விஷமாகும்.

கவர் 375, கடைத் தொட்டி 410. 14 ஜோடி, ஜோடி 20 ரூபாய், 280 ரூபாய் வந்தது. மீதி ஐந்து பெண்ணில் நல்லது மூன்று அடுத்த தாய்க்கு. ஒரு தாயின் ஈட்டில் இவ்வளவுதான். கடை வாராவாரம் கேட்பதற்குப் பத்துப் பன்னிரண்டு தாய்களை நாள் தள்ளித் தள்ளிச் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 6

28-இல் 27 உயிரோடு. ஒன்று மூடி இல்லாத தொட்டியிலிருந்து குதித்தது.

அக்டோபர் 13

ஒன்பது ஜோடி விற்றுவிட்டது. வாங்கிப்போனவர் ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, வீட்டுத் தொட்டியில் மோலி நெளிகிறது என்றாராம். அவர் வீட்டுக் குழாயிலும் சிறுவாணிதான், உப்பு போடவில்லை. இனி ஜோடியோடு பத்து கிராம் கல்லுப்புப் பொட்டலம் ஒன்று, "30 லிட்டருக்கு, கரைத்து ஊற்றவும், செடி இருந்தால் வேண்டாம்" என்று எழுதிக் கட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்து பிளாட்டி மீனும் கேட்கிறார். அதற்கும் இதே தண்ணிதான் பிடிக்கும்.