மிசோ லைனை விடாத எஸ்டி கார்ட் மாடியூல்: டிரை-ஸ்டேட் பஃபர் போட்டுச் சரிசெய்தது

சம்மாந்துறைப் பக்கம் உறவுக்காரர் ஒருவரின் நெல் மில்லில், உலர்த்தியின் சூட்டைப் பதிவு செய்து வைக்க ஒரு சின்னக் கருவி செய்துகொண்டிருக்கிறேன். ஆர்டுயினோ நானோ, தெர்மோகப்பிளை வாசிக்க ஒரு `MAX6675`, பதிவுக்கு ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட் மாடியூல். கடைசி இரண்டும் எஸ்பிஐ என்பதால் கிளாக் லைனும், நானோவுக்குத் தரவு திரும்பி வரும் மிசோ லைனும் இரண்டுக்கும் பொது. யாருடைய சிஎஸ் பின் லோவாக இருக்கிறதோ அவர் பேச வேண்டும். மற்றவர் லைனை விட்டுவிட வேண்டும்.

இந்த "விட்டுவிடுவது" சும்மா இருப்பது அல்ல. சாதாரண லாஜிக் அவுட்புட் ஒன்று எப்போதும் ஹை அல்லது லோ. உள்ளே மேல் டிரான்சிஸ்டர் அல்லது கீழ் டிரான்சிஸ்டர், ஏதோ ஒன்று ஓனாகவே இருக்கும். டிரை-ஸ்டேட் அவுட்புட்டில் இரண்டையும் ஓஃப் செய்ய முடியும். அப்போது அந்தப் பின் லைனில் இருந்தும் இல்லாதது மாதிரித்தான். ஒரே கம்பியில் பல கருவிகளைக் கட்ட முடிவது இதனால்தான்.

`MAX6675` தனியாக இருந்தபோது அறைச் சூட்டை ஒழுங்காகக் காட்டியது. எஸ்டி மாடியூலைச் செருகியதும் ஒவ்வொரு வாசிப்பும் `NaN`. "தம்பி, வயர் எங்கயும் கழண்டுட்டோ?" என்று மில்லில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தச் சிப் அனுப்பும் 16 பிட்டில் D2 ஹையாக வந்தால் தெர்மோகப்பிள் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நூலகமும் அந்தப் பிட்டைப் பார்த்துத்தான் `NaN` தருகிறது.

அதனால் 16 பிட்டையும் அப்படியே திரையில் போட்டுப் பார்த்தேன்:

```
digitalWrite(10, LOW);
uint16_t v = SPI.transfer16(0);
digitalWrite(10, HIGH);
Serial.println(v, HEX);
```

வந்தது `FFFF`. இங்கேதான் விஷயம் பிடிபட்டது. `MAX6675` அனுப்பும் சொல்லில் D15, D1 இரண்டும் எப்போதும் 0. தெர்மோகப்பிள் உண்மையில் அறுந்தாலும் அவை 0 ஆகவே வரும். ஆகவே `FFFF` அந்தச் சிப் சொன்ன விடையாக இருக்க முடியாது. வேறு யாரோ லைனை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

யாரென்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் 10கே ரெசிஸ்டர் ஒன்றும் போதும். நானோவையும் `MAX6675`-ஐயும் மிசோ லைனிலிருந்து கழற்றிவிட்டு, எஸ்டி மாடியூலின் சிஎஸ்ஸை 5 வோல்ட்டில் கட்டினேன். இப்போது மாடியூல் லைனை விட்டிருக்க வேண்டும். மிசோ பின்னிலிருந்து 10கே ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டேன். விட்டிருந்தால் மீட்டர் 0 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும், காட்டியது 3.3. அதாவது மாடியூல் ரெசிஸ்டருக்குள் 0.33 மில்லியம்பியர் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

மாடியூலைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். கார்ட் 3.3 வோல்ட்டில் வேலை செய்வதால், மின்னழுத்தத்தை மாற்ற அதில் `LVC125A` என்ற நான்கு பஃபர் கொண்ட சிப் இருக்கிறது. அதுவே டிரை-ஸ்டேட் சிப்தான், ஒவ்வொரு பஃபருக்கும் தனி ஓஇ பின் உண்டு. ஆனால் நான்கு ஓஇ பின்னையும் போர்டிலேயே கிரவுண்டில் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஓஇ லோ என்றால் பஃபர் ஓன். கார்ட் தன் பக்கத்தில் லைனை விட்டாலும், பஃபர் அதை ஹை என்று எடுத்து வெளியே தள்ளுகிறது. மலிவான இந்த வகை மாடியூல்களில் இது பரவலாக இருக்கும் குறை. எஸ்டி கார்டை மட்டும் தனியே பயன்படுத்துபவருக்கு இது கடைசிவரை தெரியவராது.

மோதலின் அளவையும் பார்த்தேன். `MAX6675`-இன் சிஎஸ்ஸை லோவாக்கி, கிளாக்கையும் லோவில் கட்டி வைத்தால், அது முதல் பிட்டான D15-ஐ, அதாவது 0-ஐ, லைனில் பிடித்துக்கொண்டே நிற்கும். ஒரு பக்கம் 0, மறுபக்கம் 3.3 என்று நிலையான மோதல் கிடைத்துவிட்டது. நேரடியாகக் கட்டினால் லைன் 3 வோல்ட்டை ஒட்டி நின்றது. `LVC125A` 24 மில்லியம்பியர் வரை தரக்கூடியது. `MAX6675`-இன் அவுட்புட்டுக்கோ தரவுத்தாள் 1.6 மில்லியம்பியருக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. மாடியூலுக்கும் லைனுக்கும் இடையில் 1கே போட்டபோது அதன் குறுக்கே சுமார் 2.6 வோல்ட், அதாவது 2.6 மில்லியம்பியர். மாடியூல் ஒழுங்காக விட்டிருந்தால் அங்கே 0 காட்டியிருக்கும்.

அந்த 1கே இருக்கும்போது வாசிப்பு சரியாக வரத் தொடங்கியது! பலர் இதையே தீர்வாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மோதல் நிற்கவில்லை, ஒருவருடைய பலம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வாசிப்பிலும் `MAX6675` தன் உத்தரவாத அளவைத் தாண்டி இழுக்கிறது. சூடும் தூசும் உள்ள மில்லில் அதை நம்பி விட்டுவர மனம் வரவில்லை.

மாடியூலில் உள்ள ஓஇ காலைத் தூக்கி சிஎஸ்ஸில் ஒட்டலாம், ஆனால் கால்கள் மிகவும் நெருக்கம். அதைவிட வெளியே ஒரு `74HCT125` போடுவது சுத்தமான வேலை. HC வேண்டாம், HCT தான் வேண்டும்: 5 வோல்ட்டில் HC சிப்புக்கு ஹை என்பது 3.5 வோல்ட்டிலிருந்து, மாடியூல் தருவது 3.3 தான். HCT-க்கு 2 வோல்ட் போதும். இணைப்பு இதுதான்: பின் 1-ஐ எஸ்டி சிஎஸ்ஸுடன் சேர்த்து நானோவின் D4-க்கு, பின் 2 மாடியூலின் மிசோவுக்கு, பின் 3 பொது மிசோ லைனான D12-க்கு. பின் 14 5 வோல்ட், பின் 7 கிரவுண்ட். மீதி மூன்று பஃபரின் ஓஇ பின்களை 5 வோல்ட்டிலும் இன்புட்களைக் கிரவுண்டிலும் கட்டினேன், மிதக்க விடக்கூடாது.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. எஸ்டி கார்ட் சிஎஸ் ஹை ஆனவுடனே லைனை விடாது, அதன் பிறகு கிளாக் வந்தால்தான் விடும். அதற்காக ஒரு பைட் `0xFF` அனுப்புவது வழக்கம். இப்போது சிஎஸ் ஏறியதும் பஃபரே வெட்டிவிடுவதால் அந்தக் கவலை இல்லை.

அப்புறம் யாரும் பேசாத நேரம். லைன் அப்போது அந்தரத்தில் நிற்கும். D12-இல் 10கே ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டேன், கிரவுண்டுக்கு அல்ல. `MAX6675` கழன்றாலோ செத்தாலோ எல்லாப் பிட்டும் 1 ஆகி `NaN` வரும். கீழே இழுத்திருந்தால் 0.00 பாகை என்று நல்ல வாசிப்பு மாதிரி கார்டில் பதிவாகியிருக்கும்.

சிஎஸ் லைன் இரண்டுக்கும் 10கே புல்-அப் வைத்தேன். நானோ ரீசெட் ஆகும்போது அதன் பின்கள் வெறும் இன்புட்கள். அந்த நேரத்தில் சிஎஸ் எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நிரலிலும் வேறு எதற்கும் முன்னால் இது:

```
digitalWrite(4, HIGH);  pinMode(4, OUTPUT);
digitalWrite(10, HIGH); pinMode(10, OUTPUT);
```

இந்த வரிசை முக்கியம். `pinMode` முதலில் வந்தால் பின் ஒரு கணம் லோவாகிவிடும். ஆனால் நிரல் இரண்டு சிஎஸ்ஸையும் ஒன்றாக லோவாக்கினால் `74HCT125` எதையும் தடுக்காது, சொன்னபடி லைனைத் திறந்துவிடும்.

D12-இன் 10கே புல்-அப்பைக் கழற்றிவிட்டு, 10கே சோதனையைப் பஃபருக்குப் பின்னால் மறுபடி செய்தேன். எஸ்டி சிஎஸ் ஹையில் இருக்கும்போது லைன் கிரவுண்டுக்குப் போட்டால் 0-க்கும், 5 வோல்ட்டுக்குப் போட்டால் 5-க்கும் போய் நின்றது. இரண்டாவது `MAX6675` ஒன்று ஓடர் போட்டிருக்கிறேன், உலர்த்தியின் வெளிக்காற்றுக்கு. அது வந்ததும் லைனில் சேர்க்கும் முன் இதே 10கே சோதனைதான் முதல் வேலை.