மினுங்கல் தூளுக்குப் பதிலாக ஆனையிறவு உப்பு

மகளின்ர வாழ்த்து மட்டைக்கு இந்தமுறை பிளாஸ்டிக் மினுங்கல் தூள் வாங்கேல்லை. கல்லுப்பைக் கொஞ்சம் இடிச்சு, 4 மேசைக்கரண்டிக்கு அரைக் கரண்டி பீற்றூட் சாறு விட்டுப் பிரட்டி நிழலில காயவிட்டம். முதல்தரம் சாறு கூடிப்போச்சு. உப்புக் கரைஞ்சு கூழாயிட்டுது. சொட்டுச் சொட்டாத்தான் விடவேணும். மாவாக இடிக்கவும் கூடாது, பளிங்கு முகம் இருந்தால்தான் வெளிச்சத்தில மினுங்கும்.

மாரியில உப்பு ஈரம் இழுத்துக் கசியும். அப்ப அரிசிதான் நல்லம். மஞ்சள் கரைச்ச தண்ணியில பிரட்டினால் மஞ்சள்; அதிலயே வெத்திலைச் சுண்ணாம்பு துளி சேர்த்தால் செக்கச்செவேலெண்டு மாறும். அதைப் பார்த்து மகள் துள்ளினாள்! ஓரத்துக்குக் கடுகும், புத்தகத்துக்குள்ள வைச்சுக் காயவிட்ட வேப்பிலையும் ஒட்டினம். பீற்றூட் நிறம் வெயிலில வெளிறும், மட்டையை யன்னலோரம் வையாதேங்கோ.